கால் வாங்காமல் ஷார்ட் வேண்டாம்

2008 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் பங்கு சுமார் 210 யூரோவில் அன்றைய வர்த்தகத்தை முடித்தது. உலகமே நிதி நெருக்கடியில் தவித்த நேரம். கார் கம்பெனிப் பங்குக்கு இந்த விலை மிக அதிகம் என்று கணித்த பல ஹெட்ஜ் ஃபண்டுகள் அதைக் கடன் வாங்கி விற்று, விலை இறங்கக் காத்திருந்தன. ஞாயிறன்று போர்ஷே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஃபோக்ஸ்வாகனின் 42.6 சதவீதப் பங்குகள் அதன் கையில் இருந்தன, மேலும் 31.5 சதவீதத்துக்கு ஆப்ஷன் ஒப்பந்தங்கள் போட்டிருந்தது. லோயர் சாக்சனி மாநில அரசிடம் 20 சதவீதம். ஆக, சந்தையில் வாங்கக் கிடைத்தது 6 சதவீதத்துக்கும் குறைவு. ஷார்ட் போயிருந்தவர்கள் திருப்பித் தர வேண்டியதோ அதைவிட மிக அதிகம். செவ்வாய்க்கிழமை விலை ஒரு கட்டத்தில் 1,000 யூரோவைத் தாண்டியது.

அந்த ஃபண்டுகளின் கணிப்பு முட்டாள்தனமானது அல்ல. பங்கு பிறகு இறங்கத்தான் செய்தது. ஆனால் அதுவரை தாக்குப்பிடிக்கப் பலரிடம் பணம் இல்லை. 230 யூரோவில் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. விலை அந்தப் புள்ளியில் நிற்காமல் வார இறுதியிலேயே அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. திங்கள் காலையில் கிடைத்த விலையில்தான் அந்த ஆர்டர் நிறைவேறியிருக்கும். ஸ்டாப் லாஸ் என்பது ஒரு விலையைத் தொட்டதும் கிளம்பும் ஆர்டர் மட்டுமே. அந்த விலையை அது யாருக்கும் உறுதி செய்வதில்லை.

நம் சந்தையிலும் ஷார்ட் போகிறவர்களில் பலர் ஸ்டாப் லாஸையே பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். இது தவறு. ஒரு பங்கில் ஷார்ட்டை ஓர் இரவேனும் வைத்திருக்கப் போகிறவர், அந்த ஷார்ட்டைப் போடும்போதே அதே பங்கில் ஒரு கால் ஆப்ஷனும் வாங்க வேண்டும். அதற்கான பிரீமியம் கொடுக்க மனம் வரவில்லை என்றால் அந்த ஷார்ட்டையே விட்டுவிட வேண்டும் என்பது நம் கருத்து.

இந்தியாவில் ரொக்கச் சந்தையில் ஷார்ட் போகும் சிறு முதலீட்டாளர் அன்றே வாங்கிக் கணக்கை முடித்தாக வேண்டும். அதனால் சில நாட்கள் வைத்திருக்க நினைப்பவர் ஃபியூச்சர்ஸில் விற்கிறார். ஒரு பங்கின் விலை 1,000 ரூபாய், லாட் 500 பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லாட் ஃபியூச்சர்ஸை 1,000 ரூபாயில் விற்றவர், அதே மாதத்தின் 1,050 கால் ஒரு லாட்டைப் பங்குக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் வாங்குகிறார். செலவு 10,000 ரூபாய். எக்ஸ்பைரியில் விலை 1,300க்குப் போனால் ஃபியூச்சர்ஸில் 300 ரூபாய் நஷ்டம். கால் 250 ரூபாயைத் திருப்பித் தருகிறது. பிரீமியத்தையும் சேர்த்தால் நிகர நஷ்டம் 70 ரூபாய். விலை 2,000 ஆனாலும் அதே 70 தான். லாட்டுக்கு 35,000 ரூபாய்க்கு மேல், தரகு, வரி தவிர, போகாது. விலை 900க்கு இறங்கினால் லாபம் 100க்குப் பதில் 80. விலை 980க்குக் கீழே போன பிறகுதான் லாபமே தொடங்கும்.

பிரீமியம் லாபத்தைத் தின்றுவிடுகிறது என்ற புகாரில் உண்மை இருக்கிறது. 1,000 ரூபாய்ப் பங்குக்கு மாதம் 20 ரூபாய் என்றால், மாதாமாதம் புதுப்பித்தால் ஆண்டுக்கு 24 சதவீதம். என்றாவது ஒருநாள் இந்தக் கம்பெனி விழும் என்று காத்திருப்பவருக்கு இந்த வழி கட்டுப்படியாகாது. காலாண்டு முடிவு, நீதிமன்றத் தீர்ப்பு போல விலையை அசைக்கப் போகும் நாள் தெரிந்த ஷார்ட்டுக்கே இது பொருந்தும். செலவைக் குறைக்க 1,200 கால் வாங்கலாம். ஆனால் முதல் 200 ரூபாய் நஷ்டம் முழுக்க நம்முடையது. வாங்கும் நேரமும் முக்கியம். விலை ஏறத் தொடங்கிய பிறகு கால் தேடிப் போனால், எல்லோரும் அதையே தேடுவதால் பிரீமியமும் ஏறியிருக்கும்.

ஷார்ட்டோடு கால் சேர்ந்தால் கிடைக்கும் லாப நஷ்டம், அதே ஸ்ட்ரைக் விலையில் ஒரு புட் வாங்கியதற்குச் சமம். எனவே புதிதாக இறங்குபவர் நேராகப் புட்டே வாங்கலாமே என்று கேட்டால், வாங்கலாம். பலருக்கு அதுவே எளிது. ஏற்கெனவே ஷார்ட்டில் இருப்பவருக்கும், புட்டில் சரியான விலை கிடைக்காதவருக்கும் கால் தான் வழி.

இந்தப் பாதுகாப்பு எங்கே கிழிகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தை ஒவ்வொரு நாளும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். காலில் வரும் லாபமோ அதை விற்கும் வரை, அல்லது எக்ஸ்பைரி வரை, கைக்கு வராது. நம் உதாரணத்தில் மாத நடுவில் விலை 1,300 தொட்டால் ஃபியூச்சர்ஸ் கணக்கில் மொத்தம் 1,50,000 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். கால் அதில் பெரும்பகுதியை ஈடுகட்டும் மதிப்போடு இருந்தாலும் அது காகிதத்தில்தான் இருக்கிறது. கால் இருப்பதால் ஆரம்ப மார்ஜின் குறையும் என்பது உண்மை. ஆனால் இந்த அன்றாட ரொக்கத்தை அது குறைக்காது. பணம் கட்ட முடியாமல் போனால் தரகர் ஃபியூச்சர்ஸை 1,300இல் முடித்துவிடுவார். மறுநாள் விலை 1,100க்கு இறங்கினால் காலின் மதிப்பும் சேர்ந்து இறங்கிவிடும். 70 ரூபாய் என்று கணக்குப் போட்டவரின் நஷ்டம் 200 ரூபாயைக் கடந்துவிடும். இந்த வரம்பு இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்றை மட்டும் எடுத்தால் சரிந்துவிடும்.

எக்ஸ்பைரியிலும் ஒரு கண்ணி உண்டு. பங்கு ஃபியூச்சர்ஸும் ஆப்ஷனும் இப்போது பங்கு டெலிவரியாகவே முடிக்கப்படுகின்றன. விலை 1,050க்கு மேல் முடிந்தால் கால் மூலம் வரும் 500 பங்குகளும் ஃபியூச்சர்ஸுக்காகத் தர வேண்டிய 500 பங்குகளும் கழிந்துவிடும். 1,030இல் முடிந்தால் கால் செல்லாக்காசு. பங்குகளைத் தரும் கடமை மட்டும் மிஞ்சும். தராவிட்டால் ஏலம். இதைத் தவிர்க்க, எக்ஸ்பைரிக்கு முன்பே ஃபியூச்சர்ஸை வாங்கி முடித்துவிட வேண்டும்.

இத்தனையையும் சிறு முதலீட்டாளரின் தலையில் மட்டும் சுமத்த முடியாது. ஃபியூச்சர்ஸில் விற்கும்போது தரகரின் செயலி தேவையான மார்ஜினைக் காட்டினால் போதாது. அதிகபட்ச நஷ்டத்துக்கு வரம்பில்லை என்பதையும், எந்தக் கால் வாங்கினால் அது எத்தனை ரூபாயில் நிற்கும் என்பதையும் அதே திரையில் காட்ட வேண்டும். செபி இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. மார்ஜின் பற்றாக்குறைக்காகத் தரகர் ஒருவரின் ஃபியூச்சர்ஸை முடிக்கும்போது, அதோடு இணைந்த காலையும் அதே நேரத்தில் விற்று, வரும் பணத்தை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு.