ஸ்டெப்னி எங்கே போச்சு?

புது காரின் டிக்கியில் ஸ்டெப்னி இல்லையா? டீலர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்காதீர்கள். டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் டி.பி.எம்.எஸ். வசதியும் பஞ்சர் கிட்டும் இருந்தால், டியூப்லெஸ் டயர் கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020 அக்டோபரிலிருந்து மத்திய அரசு விதி இருக்கிறது.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிறீர்கள். ராசிபுரம் பக்கம் வரும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. இறங்கிப் பார்த்தால், தரையில் படும் பகுதியில் ஆணி. பிடுங்காதீர்கள்! கிட்டில் உள்ள பசைத் திரவத்தை வால்வு வழியாக ஏற்றி, காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் கம்ப்ரஸரைச் செருகிக் காற்றடியுங்கள். மெதுவாகச் சில கிலோமீட்டர் ஓட்டினால் பசை உள்ளே பரவி ஓட்டையை அடைக்கும். மறுபடி காற்றைப் பாருங்கள். குறைந்திருந்தால் மேலே ஓட்டாதீர்கள். பஞ்சர் கடையில், உள்ளே பசை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் திட்டு நிச்சயம். பசைக்குக் காலாவதி தேதி உண்டு.

ஆனால் கல் குத்தி டயரின் பக்கவாட்டுக் கிழிந்தால் கிட் உதவாது.

ரன்-ஃப்ளாட் டயரின் பக்கச் சுவர் தடிமனானது. காற்று போனாலும் காரைத் தாங்கும். பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் வரை. நாமக்கல் போய்ச் சேர்ந்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், காற்று போனதே ஓட்டுபவருக்குத் தெரியாது. அதனால்தான் டி.பி.எம்.எஸ். இல்லாத காரில் இதை மாட்டக் கூடாது.

ஸ்டெப்னிக்கு ஜாக்கியும் ஸ்பேனரும் போதும். இரவில் கிராமத்துச் சாலையில் அடிக்கடி போகிறவருக்கு என் ஓட்டு அதற்குத்தான். அதிலும் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?