முன்முடிவே இல்லாத புனிதர்கள்

"நாங்கள் எதையும் முன்கூட்டி நினைப்பதில்லை. தரவு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். பிரையர் என்ற பெயரில் சொந்த ஆசையை நுழைப்பவர்கள் பேய்சியன்காரர்கள்தான்." போன வாரம் ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னவருக்குக் கைதட்டல் வேறு.

ஒரு புதுத் தொழிற்சாலையின் 3 பம்புகளைச் சோதிக்கிறோம். மூன்றும் நன்றாக ஓடுகின்றன. பழுது விகிதம் என்ன? கிடைத்த தரவுக்கு மிக அதிக வாய்ப்புத் தரும் எண் எதுவோ, அதைத்தான் மேக்சிமம் லைக்லிஹுட் எடுக்கும். விடை 0. அந்தத் தொழிற்சாலையில் பம்பே பழுதாகாதாம்! நான்காவது பம்பு புகைந்தால்? நடந்ததற்கு மாடல் கொடுத்திருந்த நிகழ்தகவின் லாகரிதத்தை மைனஸ் குறியோடு எடுத்தால் கிராஸ் என்ட்ரபி லாஸ். கொடுத்திருந்தது 0. ஒரே பம்பில் லாஸ் முடிவிலிக்குப் போய்விட்டது. தரவு பேசிய லட்சணம் இது.

பேய்சியன் வழியில் அதே 3 பம்புகளைப் பாருங்கள். 0 முதல் 1 வரை எந்த விகிதமும் சமமாக நம்பத்தக்கது என்று தொடங்கினால், சோதனைக்குப் பின் கையில் இருப்பது ஒற்றை எண் அல்ல, 0-இல் உயர்ந்து 1-ஐ நோக்கிச் சரியும் ஒரு வளைகோடு. ஒரே எண்தான் வேண்டுமென்றால், தவறினால் என்ன அபராதம் என்று சொல்லுங்கள். பிழையின் வர்க்கம் அபராதமென்றால் சராசரி: 1/5. இதை லாப்லாஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுவிட்டார். பிழையின் அளவே அபராதமென்றால் இடைநிலை: சுமார் 16 சதவீதம். துல்லியமாக அடித்தால்தான் மதிப்பெண் என்றால் உச்சி: மறுபடியும் 0. அந்த உச்சியை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு 'பேய்சியன் செய்தேன்' என்பவர்கள் தனி ரகம். பம்பு அவர்களையும் மன்னிக்காது.

புனிதர்களுக்கு வருவோம். ஸ்கொயர்ட் எரர் வானத்திலிருந்து விழுந்ததா? பிழைகள் எல்லாம் ஒரே பரவலுள்ள காஸியன் என்று எழுதி, லைக்லிஹுட்டின் லாகரிதத்தை மைனஸ் குறியோடு எடுத்தால் மிஞ்சுவது அதுதான். லாப்லாஸ் பரவல் என்றால் அப்சல்யூட் எரர். ஒரு வீட்டு விலையில் யாரோ கூடுதலாக ஒரு சைபர் அடித்துவிட்டால், அந்த ஒரு வரிக்காக மாடல் முழுவதும் சாய்வது இந்த காஸியன் நம்பிக்கையால்தான். இதைச் சொல்லாமலேயே loss.backward() கற்றுத்தரும் வகுப்புகளுக்குக் கட்டணம் மட்டும் குறைவில்லை.

இத்தனைக்கும் மேல், மாடல் தடுமாறாமலிருக்க எடைகளின் வர்க்கத்தை லாஸோடு கூட்டி 'ரெகுலரைசேஷன்' என்பார்கள். எடைகள் 0-வைச் சுற்றிய காஸியன் என்ற பிரையரே அது. அதையும் நீக்கிவிட்டேன் என்பவர், அரையும் கோடியும் ஒரே அளவு நம்பத்தக்க எடைகள் என்னும் தட்டைப் பிரையரை வைத்திருக்கிறார். அந்தப் பிரையரில் வரும் உச்சிதான் மேக்சிமம் லைக்லிஹுட்.