பொறுத்தா மலியும் எண்டவை

போர்டிங்கில எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து உருப்படியாக இருப்பது ஒரே ஒரு லப்டொப். 2015இல் வாங்கியது, ரேம் 4 ஜிபி. ஓன் பண்ணிவிட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரலாம். புதுசு வாங்குவம் எண்டு கதை எடுத்தால் யாராவது ஒரு அண்ணா சொல்லுவார்: "இப்ப வாங்காதைங்கோ, இன்னும் ஆறு மாசம் பொறுங்கோ, மலியும்." மூன்று வருடமாக இந்த ஆறு மாதம் முடியவில்லை.

அந்த அண்ணாமார் சொல்வது முழுக்கப் பிழை என்றும் இல்லை. 1999இல் அரிசோனாப் பல்கலைக்கழக வானியல் மாணவர்கள் சிலர் பாதிப் பகிடியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். கணினியின் வேகம் 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 26 மாதத்துக்கு மேல் ஓடவேண்டிய ஒரு கணக்கை இன்றைக்கே தொடங்குவது நட்டம். உதாரணமாக, இன்றைய இயந்திரத்தில் 40 மாதம் எடுக்கும் வேலை. 11 மாதம் சும்மா இருந்துவிட்டுப் புதுசு வாங்கினால் மிச்சம் 26 மாதத்தில் முடியும். மொத்தம் 37. சும்மா இருந்தவன் மூன்று மாதம் முந்துகிறான்!

ஆனால் அது ஒரே ஒரு நீண்ட கணக்குக்குத்தான் பொருந்தும். எங்களுடையது ஒவ்வொரு நாளும் திறந்து மூடுகிற வேலை. ஆளுக்குப் பத்து நிமிடம் காத்திருந்தால் மூன்று பேருக்கு நாளுக்கு அரை மணித்தியாலம். ஒரு வருடம் பொறுத்தால் 180 மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். ஆய்வுக்கட்டுரை கொடுக்கவேண்டிய திகதியும் எங்களுக்காகப் பொறுக்காது.

அதோட, மலிவது டொலரில். நாங்கள் வாங்குவது ரூபாயில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் நின்றது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 500 டொலர் லப்டொப் முதலில் ஒரு லட்சம். பொறுத்திருந்தவருக்கு அது பத்து வீதம் மலிந்து 450 டொலருக்குக் கிடைத்ததென்றே வைப்பம். அப்பவும் 162,000 ரூபாய். வரியும் கடைக்காரரின் இலாபமும் வேற.

அப்ப உடனே வாங்கவேணுமா? அதுக்கு முதல், உண்மையில எது கிழடாகிப் போச்சு என்று பார்க்கவேணும். நாங்கள் Ctrl+Shift+Esc அழுத்தி Task Manager-ஐத் திறந்து, Performance பக்கத்தைப் பார்த்தோம். CPU இருபது வீதத்தைத் தாண்டவில்லை. Disk மட்டும் 100இல் ஒட்டிக்கொண்டு நின்றது, Memory-யும் கிட்டத்தட்ட நிரம்பி வழிந்தது. ரேமில் இடம் இல்லாவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி வாசிக்கும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதில்தான் முழுக்க இழுபடும். CPU 100இல் நின்றிருந்தால் கதை வேற, காசைச் சேர்க்கத்தான் வேணும்.

ஆகவே ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டோம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. எஸ்எஸ்டி அடுத்த லப்டொப்புக்குள் போகாவிட்டாலும், ஒரு சின்ன யூஎஸ்பி உறை வாங்கினால் வெளி டிஸ்க்காகப் பாவிக்கலாம், காசு தப்பும். அந்தக் காலத்து டிடிஆர்3 ரேமோ புது இயந்திரம் எதிலும் பொருந்தாது. அதனால் அதைப் பழையதாகத் தேடி, 4 ஜிபி மட்டும் சேர்த்தோம். சில மெல்லிய லப்டொப்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும். கடைக்குப் போக முதல் மொடல் இலக்கத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இப்ப ஓன் ஆக அரை நிமிடம். தேத்தண்ணிக்குத்தான் நேரமில்லை.

தீராதது ஒன்று இருக்கு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்காது, எங்களுடையது ஐந்தாம் தலைமுறை. கட்டுரையைக் கொடுக்கும் வரை இதை இழுப்போம். வங்கி வேலையெல்லாம் இதில் செய்வதில்லை, அதுக்குப் போன் இருக்கு. பிறகு வாங்கப்போவதும் கண்ணாடிக்குள் மினுங்குகிற புதுசு இல்லை, அலுவலகங்கள் பாவித்துக் கழித்த எட்டாம் தலைமுறை ஒன்று. i5-8250U மாதிரிப் பெயரில் கோட்டுக்குப் பிறகு வருகிற 8தான் அடையாளம். அண்ணாமார் பொறுக்கச் சொன்ன விலைச்சரிவு அதில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, வேறு யாரோ அந்த நட்டத்தைக் கட்டிவிட்டார்கள்.