நள்ளிரவு பரோட்டாவில் தெம்பு இல்லை

"ராத்திரி முழிக்கறவன் வயித்தைக் காயப்போடக் கூடாதுங்க." உக்கடத்தில் முழு நைட்டுக்குப் பஸ் ஏறும் மில்காரர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அதற்காகவே ஒரு மணி இடைவேளையில் நாலு பரோட்டாவும் சால்னாவும், இல்லையென்றால் தூக்குப்போசி நிறையச் சோறு. மூன்று மணிக்கு ஸ்பின்னிங் ஃபிரேம் பக்கம் நின்றபடியே கண் சொருகும். அதற்கு ஒரு டீ.

இந்த நம்பிக்கை தப்பு. நாம் முழித்திருந்தாலும் கணையத்துக்கு அது ராத்திரிதான். இருட்டியபின் இன்சுலின் சுரப்பு மந்தப்படும். பகலில் செரித்த அதே சோறு நள்ளிரவில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். பாஸ்டனில் 19 பேரை ஆய்வுக்கூடத்தில் வைத்து, இரவு வேலை செய்வதுபோல முழிக்க வைத்துப் பார்த்தார்கள். ராத்திரியிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரி சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை. 2021இல் வந்த முடிவு. சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது.

"ஒரு வாரத்துல உடம்பு பழகிக்கும்" என்பது அடுத்த சமாதானம். பழகத் தொடங்கும்போதே ஷிப்ட் மாறிவிடுகிறதே! பகல், அரை நைட், முழு நைட் என்று வாராவாரம் சுற்றுபவர் தூக்கத்தை நிலையாக வைக்க முடியாது. சாப்பாட்டை முடியும்.

ராத்திரிச் சாப்பாட்டை மூன்று ஷிப்டுக்கும் ஏழரை மணி என்று கட்டிப்போடுங்கள். பதினொன்றுக்கு முழு நைட் ஏறுகிறவர் வீட்டிலேயே அரிசிம்பருப்புச் சோறோ களியோ உண்டுவிட்டுக் கிளம்பலாம். இடைவேளையில் பசித்தால் ஒரு முட்டை, கையளவு சுண்டல், மோர். டீ இரண்டு மணியோடு சரி. குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும் அதன் காஃபீனில் ஏறக்குறையப் பாதி உடம்பில் நிற்கும், காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். ஏழுக்கு இறங்கி வந்து இரண்டு இட்லி, பிறகு படுக்கை. எழுந்ததும் இரண்டரைக்குப் பெரிய சாப்பாடு. அரை நைட்காரர் பதினொன்றரைக்கு வீடு வந்து சூடாக உண்பதை விட்டு, மில்லுக்குள்ளேயே ஏழரைக்குப் போசியைத் திறக்க வேண்டும். வீட்டுக்காரம்மா கோபித்துக்கொள்வார், அது தனிக் கதை. சில நாளில் விடிகாலை நெஞ்செரிச்சல் தணிந்தால், எழுந்ததும் பசித்தால், நேரம் ஒத்துப்போகிறது என்று பொருள்.

இதை எல்லோருக்கும் அப்படியே மாட்ட முடியாது. மீன் மார்க்கெட்டில் விடிய விடிய ஐஸ் பெட்டி இறக்குபவர் கையளவு சுண்டலில் நிற்க மாட்டார். அவர் இரண்டு தடவையாகப் பிரித்துக் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிடட்டும். இன்சுலின் போடுபவரும் சர்க்கரை மாத்திரை விழுங்குபவரும் தாங்களாக இடைவேளைச் சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை திடீரென்று இறங்கி, ஓடும் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழக்கூடும். மாத்திரைச் சீட்டோடு ஷிப்ட் அட்டவணையையும் டாக்டரிடம் காட்டி, மருந்து நேரத்தை மாற்றிய பிறகே சாப்பாட்டு நேரத்தில் கை வைக்க வேண்டும்.