இலவச ரௌட்டரும் பதினொரு மாத வாடகை ஒப்பந்தமும்

பிராட்பாண்ட் கம்பெனிகளின் நோட்டீசுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பெரிய எழுத்தில் வேகம். பக்கத்தில் மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு தொகை. கீழே "ரௌட்டர் இலவசம்", "இன்ஸ்டலேஷன் இலவசம்" என்று மத்தாப்புக் கொளுத்தியதுபோல் இரண்டு வரிகள். கடைசியில், எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் ஒரு பாரா. நம்முடைய பணம் எங்கே போகிறது என்பது அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

ஆகவே இந்த வாரம் ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். சென்னை நங்கநல்லூரில் வாடகை வீட்டில் ஒரு குடும்பம் குடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வாரம் ஐந்து நாளும் வீட்டிலிருந்தபடியே. அம்மாள் மாலை வேளையில் மூன்று மணி நேரம் பிள்ளைகளுக்கு வீடியோ மூலம் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். பையன் பத்தாம் வகுப்பு. ஒருவருடைய சம்பளமும் மற்றவருடைய டியூஷன் பணமும் ஒரே கம்பி வழியாக வீட்டுக்குள் வரவேண்டும். நடுவில் படம் உறைந்துபோனால், டியூஷன் பிள்ளைகளின் தாயார்கள் இரண்டு தடவை பொறுப்பார்கள். மூன்றாவது தடவை வேறு டீச்சரைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இவர்கள் கையில் மூன்று நோட்டீசுகள். தொகைகள் நம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் பேட்டையில் கிடைப்பதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: 50 மெகாபிட் வேகம், மாதம் 450 ரூபாய், அளவு 500 ஜிகாபைட்.

இரண்டாவது: 60 மெகாபிட், மாதம் 600 ரூபாய், அளவு 3,300 ஜிகாபைட். இன்ஸ்டலேஷனுக்கு 500 ரூபாய். ரௌட்டரை நாமே கடையில் வாங்கவேண்டும்.

மூன்றாவது: 100 மெகாபிட், மாதம் 700 ரூபாய், அளவு 3,300 ஜிகாபைட். இன்ஸ்டலேஷனும் ரௌட்டரும் இலவசம்.

"எது வேகம் அதிகமோ அதையே வாங்கிவிடேன்" என்பார் வீட்டுக்காரர். அப்படி வாங்குவதற்கு முன்னால், நமக்கு வேண்டிய வேகம் எவ்வளவு என்று பார்க்கலாம். இதற்கு நாள் முழுவதையும் கணக்கெடுக்க வேண்டாம். வீட்டில் அமளி அதிகமாக இருக்கும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் போதும். இந்த வீட்டில் அது மாலை ஆறிலிருந்து ஏழு. வீட்டுக்காரர் மீட்டிங்கில் இருக்கிறார். அம்மாள் டியூஷனில் இருக்கிறாள். வீடியோ பேச்சு ஒவ்வொன்றுக்கும் உள்ளே வருவது சுமார் 2 மெகாபிட், வெளியே போவது இரண்டு, இரண்டரை. பையன் டெலிவிஷனில் நல்ல துல்லியமான படம் பார்த்தால் 5 மெகாபிட். எந்நேரமும் எதையாவது இறக்கிக்கொண்டிருக்கும் டெலிபோன்களுக்கு ஒரு 10. எல்லாம் கூட்டினால் 19. இருபது என்றே வைத்துக்கொண்டு, அதைப்போல் இரண்டு பங்கு இருந்தால் தாராளம். ஐம்பதே போதும் என்னும்போது நூறு பெருமைக்குத்தான்.

ஆனால் நோட்டீசில் போட்ட வேகம் பெரும்பாலும் உள்ளே வரும் வேகம். வெளியே போகும் வேகத்தைத் தனியாகக் கேட்கவேண்டும். படம் பார்க்கிற வீட்டுக்கு அது முக்கியமல்ல. பாடம் நடத்துகிற வீட்டுக்கு அதுதான் உயிர். டீச்சருடைய முகமும் குரலும் அந்த வழியாகத்தான் போகின்றன. கண்ணாடி இழைக் கம்பியில் பல கம்பெனிகள் இரண்டு பக்கமும் ஒரே வேகம் கொடுக்கின்றன. சில இடங்களில் வெளியே போவது பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். 50 மெகாபிட் பிளானில் வெளியே போக 5 மட்டும் இருந்தால், இரண்டு வீடியோ பேச்சுகளே அதைத் தின்றுவிடும். அந்த நேரம் பார்த்து யாருடைய டெலிபோனாவது கல்யாண போட்டோக்களை மேலே ஏற்ற ஆரம்பித்தால், அம்மாளின் குரல் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகக் கேட்கும். அம்மாளுக்கோ எல்லாம் சரியாகத் தெரியும். இதுதான் அடையாளம். நமக்கு அவர்கள் நன்றாகத் தெரிந்து, அவர்களுக்கு நாம் தெரியாவிட்டால், கோளாறு வெளியே போகும் வழியில்.

அடுத்தது அளவு. இதற்கு ஒரு சுலபமான வாய்பாடு உண்டு. 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 மெகாபைட் செலவாகும். அதாவது அரை ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. வருவதும் போவதுமாக வீடியோ பேச்சுக்கு 4 மெகாபிட் என்றால் மணிக்கு 1.8 ஜிகாபைட். பெரும்பாலும் கம்பெனி இரண்டையும் சேர்த்தே கணக்கு வைக்கிறது.

வீட்டுக்காரருக்கு நாளைக்கு 4 மணி நேரம் மீட்டிங், மாதம் 22 நாள்: 158 ஜிகாபைட். அம்மாளுக்கு 3 மணி நேரம், 25 நாள்: 135. டெலிவிஷன் தினம் 3 மணி நேரம். துல்லியமான படம் மணிக்கு 3 ஜிகாபைட் வரை எடுக்கும் என்பதால் 270. மற்ற சில்லறைக்கு 100. மொத்தம் 663. முதல் நோட்டீசின் 500 ஜிகாபைட் இருபத்து மூன்றாம் தேதியே தீர்ந்துபோகும்.

தீர்ந்தால் கம்பெனிக்காரர் கம்பியை அறுத்துவிட மாட்டார். வேகத்தைக் குறைப்பார், உதாரணமாக 2 மெகாபிட்டுக்கு. அதுவும் சட்டப்படி பிராட்பாண்ட்தான்! நம் நாட்டில் குறைந்தது 512 கிலோபிட் என்றிருந்ததை 2023-ஆம் வருஷம் ஜனவரியில் 2 மெகாபிட் என்று உயர்த்தினார்கள். ஒருவர் வீடியோவில் பேசவே அது தட்டுத் தடுமாறிப் போதும். இருவர் பேச முடியாது. ஆகையால் 450 ரூபாய்ப் பிளான் மாதத்தில் ஒரு வாரம் டியூஷனை நிறுத்தி வைக்கும் பிளான். அதைத் தள்ளிவிடலாம். மற்ற இரண்டிலும் "அன்லிமிடெட்" என்று போட்டிருக்கலாம். பொடி எழுத்தில் 3,300 இருக்கும். இந்த வீட்டுக்கு அது ஐந்து மாதச் செலவு, கவலையில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். "600 ரூபாய்க்கும் 700 ரூபாய்க்கும் நூறு ரூபாய்தானே வித்தியாசம்? ரௌட்டர் வேறு சும்மா வருகிறது" என்று தோன்றும். அம்மாள் கேட்கவேண்டிய கேள்வி வேறு: "நாம் இந்த வீட்டில் எத்தனை மாதம் இருக்கப்போகிறோம்?"

நோட்டீசில் போட்ட தொகைக்கு மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு. 600 ரூபாய் 708 ஆகிறது; 700 ரூபாய் 826. இன்ஸ்டலேஷன் 500 என்பது 590. கடையில் ரௌட்டர் 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது நோட்டீசின் பொடி எழுத்தில் இருப்பது இது: பன்னிரண்டு மாதச் சந்தாவை முன்னதாகவே கட்டினால்தான் இலவசம், நடுவில் நிறுத்தினால் பணம் திரும்பாது, ரௌட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சரியாகப் பன்னிரண்டு மாதம் இருந்தால், இரண்டாவது பிளானுக்கு ஆகும் மொத்தச் செலவு 10,886 ரூபாய். மூன்றாவதற்கு 9,912. இலவசம் உண்மையிலேயே லாபம்தான். 974 ரூபாய் மிச்சம்.

ஆனால் வாடகை ஒப்பந்தம் 11 மாதம். அதற்குள் இரண்டாவது 10,178. மூன்றாவது அதே 9,912. வித்தியாசம் 266 ரூபாய்தான். ரௌட்டரோ இரண்டாவது பிளானில் நம்முடையதாகவே இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் எட்டாவது மாதமே "என் பிள்ளை வருகிறான், காலி செய்யுங்கள்" என்றால்? இரண்டாவதற்கு ஆனது 8,054. மூன்றாவதற்கு 9,912 போனது போனதுதான். 1,858 ரூபாய் நஷ்டம், ரௌட்டரும் இல்லை.

மாறாக, ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு இரண்டு வருஷம் இருந்தாலோ, இரண்டாவதற்கு 19,382, மூன்றாவதற்கு 19,824. மறுபடியும் இரண்டாவதே குறைவு. மாதம் 118 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, இலவச ரௌட்டர், இலவச இன்ஸ்டலேஷன் இரண்டின் விலையையும் நாம் சுமார் இருபது மாதத்தில் கட்டித் தீர்த்துவிடுகிறோம். ஆக, அந்த இலவசம் ஒரு வருஷத்தை ஒட்டிக் குடியிருப்பவருக்கே லாபம். சொந்த வீட்டுக்காரருக்கும், எப்போது பெட்டி கட்டுவோமோ என்றிருப்பவருக்கும் அல்ல. பையனின் பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடத்தை ஒட்டி வீடு மாறக்கூடிய இந்தக் குடும்பத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

சொந்த ரௌட்டர் வாங்கும்போது இரண்டு விஷயம். கம்பெனிக்காரர் கண்ணாடி இழைக்கு ஒரு பெட்டி வைப்பார். அதன் பின்னால் நம் ரௌட்டரை இணைக்கலாமா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். ரௌட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைகளிலும் பேசுவதாக இருக்கட்டும். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் 2.4-இல் நெரிசலாக இருக்கும். 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். அதனால் ரௌட்டர் ஹாலின் மூலையில் டெலிவிஷனுக்குப் பின்னால் அல்ல, வேலை நடக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இணைப்பு வந்த அன்றே, ஆள் போவதற்கு முன், ரௌட்டரிலிருந்து கம்பி போட்டு லாப்டாப்பை இணைத்து fast.com என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். "மேலும் விவரம்" கேட்டால் வெளியே போகும் வேகத்தையும் காட்டும். பிறகு டியூஷன் அறையில் வைஃபையில் அதையே பாருங்கள். கம்பியில் 58, அறையில் 9 என்றால் குற்றம் கம்பெனியுடையதல்ல. ரௌட்டரின் இடத்தை மாற்றினால் சரியாகும். கம்பியிலேயே 9 என்றால் வந்த ஆளை அப்படியே நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மாலை ஆறரை மணிக்கு இன்னொரு தடவை பாருங்கள். காலையில் 58 காட்டி மாலையில் 15 காட்டினால், தெரு முழுவதும் ஒரே குழாயில் குடம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு 100 மெகாபிட் பிளான் வாங்கியும் பிரயோஜனமில்லை. அந்தக் கம்பெனி உங்கள் தெருவில் மாலையில் எப்படி என்பதைப் பணம் கட்டுமுன் எதிர்வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் உத்தமம்.