"எனக்கு மேத்ஸ் ஏலா" என்பது சோம்பல் இல்லை

அக்கரைப்பற்றில் ஓ.எல். எழுதப்போற பிள்ளை கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தால் வீட்டில் வரும் தீர்ப்பு ஒன்றுதான்: "இவன் முயற்சி செய்றானில்ல." முயற்சி முதலில், வெற்றி பிறகு என்று நாம வரிசை போட்டு வைத்திருக்கிறோம். திரும்பத் திரும்பத் தோற்ற பிள்ளைக்கு அந்த வரிசை தலைகீழ். வெற்றியின் ருசி தெரியாதவன் எதை நம்பி முயற்சி செய்வான்?

"இந்தக் கணக்கை என்னால செய்ய ஏலும்" என்ற எண்ணத்தை உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா தன்திறன் நம்பிக்கை என்றார். அதை வளர்ப்பதில் பலமானது பாராட்டு இல்லை, தானே செய்து முடித்த அனுபவம்தான் என்பது அவர் வாதம்.

1981இல் அவரும் டேல் ஷங்க்கும், கழித்தலில் மிகவும் பின்தங்கியிருந்த, கணக்கில் ஆர்வமும் இல்லாத சிறுவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற எல்லோருக்கும் ஒரே 42 பக்கம், ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் "ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கம்" என்றார்கள். இன்னொரு குழுவிடம் "கடைசிக்குள் 42 பக்கம்" என்றார்கள். மற்றவர்களுக்கு இலக்கே இல்லை. ஆறு பக்கக் குழு நம்பிக்கையிலும் திறனிலும் தெளிவாக முந்தியது. பிறகு, விரும்பிய வேலையைச் செய்யலாம் என்று விட்டபோதும் அவர்களே கூடுதலாகக் கழித்தல் கணக்குச் செய்தார்கள். தூர இலக்கோ, இலக்கே இல்லாததைவிடப் பெரிதாக உதவவில்லை.

நம்ம பேப்பர் கிளாஸ்கள் கொடுப்பது அந்த 42 பக்கத்தைத்தான். அடைப்பை நீக்கத் தெரியாத பிள்ளையின் கையில் முழு பாஸ்ட் பேப்பர். ஒவ்வொரு கிழமையும் அவன் கற்பது அட்சரகணிதம் இல்லை, "எனக்கு ஏலா" என்பதைத்தான்.

வேறு மாதிரிச் செய்யலாம். −2(x − 3) இல் பிள்ளை −2x − 6 என்று எழுதுகிறான் என்று வைப்போம். பிழை ஒரே இடத்தில்தான்: −2 ஐ −3 ஆல் பெருக்கினால் +6. முதல் நாள் 2(x + 3) வகையில் ஆறு கணக்கு. அடுத்து 2(x − 3), பிறகு −2(x + 3). கடைசியாகத்தான் −2(x − 3). ஒவ்வொரு நாளும் முடித்தது அவன் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு படியிலும் ஒரேயொரு புதுச் சிக்கல்தான்.

இதிலும் கவனம் வேணும். ஏற்கனவே தெரிந்ததையே கொடுத்து "கெட்டிக்காரன்" என்றால் அந்த வெற்றிக்குப் பெறுமதி இல்லை. அது பிள்ளைக்கும் தெரியும். சேர் பாதி செய்து கொடுத்த கணக்கும் அவனுடைய வெற்றி ஆகாது. கழித்தலில் வந்த நம்பிக்கை கேத்திரகணிதத்துக்குத் தானாகத் தாவும் என்றும் எதிர்பார்க்க ஏலாது.

பலன் வருதா என்று பார்க்க ஒரு வழி இருக்கு. தொடங்க முன் "இதில் எத்தனை சரியாச் செய்வாய்?" என்று கேளுங்க. அவன் சொல்வதும் செய்வதும் கிழமைக்குக் கிழமை சேர்ந்து ஏறணும். சொல்வது மட்டும் ஏறினால் நாம கொடுத்தது வெறும் உற்சாகம். செய்வது மட்டும் ஏறினால், தன் வெற்றியை அவன் இன்னும் தன்னுடையதாக எண்ணவில்லை. பிழைத்த கணக்கை யாரும் சொல்லாமலே அழித்துத் திரும்பப் போடுகிறானா? நாம கேட்ட அந்த முயற்சி அதுதான்.