காஞ்சிப் பட்டின் பெயர் யாருக்கு?

தமிழக அரசின் கைத்தறித் துறையைச் சேர்ந்த பெருமதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

திருத்தணி மலையடிவாரத்தில் வசிக்கும் சாதாரணக் குடிமகன் எழுதும் மடல் இது. முகூர்த்த நாட்களில் எங்கள் ஊருக்கு நகரி, புத்தூர்ப் பக்கமிருந்தும் கல்யாணக் குடும்பங்கள் வருகின்றன. தமிழோ தெலுங்கோ, மணப்பெண்ணுக்கு அவர்கள் கேட்பது காஞ்சிப் பட்டு.

அந்தப் பெயருக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இனிப் பெயர் திருட்டு நிற்கும் என்று நம்பினோம். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. குறியீட்டைப் பதிவு செய்த உரிமையாளர் ஒருவர் இருப்பார். ஆனால் அந்தப் பெயரைப் பொருளின்மேல் பயன்படுத்தும் தனியுரிமை, 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று பதிவான உற்பத்தியாளருக்கே உண்டு. தறியில் உட்காரும் நெசவாளரே விண்ணப்பிக்க 17ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. 2020இல் அதற்கான கட்டணம் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைந்தது. பொய்யாகப் பெயரை ஒட்டினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

நடப்பது வேறு. உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு 'அசல் காஞ்சிபுரம், கோர்வை பார்டர்' என்று சொல்லி ஒரு கடையில் சேலை கொடுத்தார்கள். வீட்டில் விரித்துப் பார்த்தோம். கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா. பக்கத்தில் ஓர் உதவியாளும் வேண்டும். உடலின் ஊடை கரைக்குள் போகாது. அதனால் அரக்குக் கரை அரக்காகவே நிற்கும். இந்தச் சேலையிலோ உடலின் பச்சை ஊடை கரைக்குள்ளும் ஓடி, அரக்கை மங்கடித்திருந்தது. சரிகையைச் சுரண்டினோம். அசல் சரிகையில் வெள்ளிக் கம்பிக்குள் சிவப்புப் பட்டிழை தெரியும். இதில் வெள்ளையாக ஏதோ நூல்.

பட்டு முத்திரை மட்டும் இருந்தது. அது நூல் சுத்தப் பட்டா என்பதைச் சொல்லுமே தவிர, காஞ்சியில் நெய்ததா என்று சொல்லாது. வாங்குகிறவர்கள் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறார்கள். அந்தக் குழப்பத்தில்தான் வியாபாரம் நடக்கிறது. அசல் சேலையை வாங்கி விற்கும் கடைக்காரர் அந்தப் பெயரைச் சொல்வதில் எனக்கு வழக்கில்லை. சட்டமும் அதை அனுமதிக்கிறது. நெய்தவர் யாரென்று காட்டாத சேலைக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதே என் கேள்வி.

ஏமாந்தது நாங்கள் மட்டுமல்ல. இரண்டு பேர் பல நாள் உட்கார்ந்து நெய்யும் கோர்வைச் சேலை, ஒற்றை நாடாவில் ஓட்டிய சேலையின் விலையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அந்த இழப்பு நெசவாளர் கூலியில்தான் விழுகிறது.

ஆகவே தங்களிடம் பணிவாகக் கேட்பது இவ்வளவே. காஞ்சிபுரத்தின் தறி வீடுகளுக்கே சென்று, கூலிக்கு நெய்பவரையும் பயனராகப் பதிய உதவுங்கள். ஒவ்வொரு சேலையிலும் நெசவாளரின் பயனர் எண் இருக்கட்டும். பதிவானவர் பட்டியலைக் கடைகளில் தமிழிலும் தெலுங்கிலும் மாட்டச் செய்யுங்கள். ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்குமுன் எங்கள் ஊர்க் கடைகளை ஒருமுறை சோதித்து, கண்டதை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
திருத்தணி வாசி ஒருவர்